மிச்சத்தை அல்காரிதம் பார்த்துக்காது

"கேட்டலாகை ஒரு தடவை கனெக்ட் பண்ணிட்டா போதும் சார், மிச்சத்தை அல்காரிதம் பார்த்துக்கும்." இணையத்தில் துணி விற்பவர்களில் இந்த வசனத்தைக் கேட்காதவர் குறைவு. விளம்பர ஏஜென்சிக்காரர் சொல்கிறார், பயிற்சி வகுப்பு நடத்துபவர் சொல்கிறார், கடை முதலாளியின் மருமகன் சொல்கிறார். விற்பனை வந்தால் அல்காரிதத்துக்கு மாலை. வராவிட்டால் "பட்ஜெட் பத்தலை", "ஆடியன்ஸை மாத்திப் பார்ப்போம்", "வீடியோ போடலாம்". கேட்டலாகுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கும் யோசனை மட்டும் கடைசி வரை வருவதில்லை. இந்த நம்பிக்கை தவறு என்பது என் வாதம். தவறு எங்கே இருக்கிறது என்பதை ஒரு பட்டுப் புடவையை வைத்துக் காட்டுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு பெண் இணையக் கடையில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு காஞ்சிப் பட்டைப் பார்க்கிறார். வாங்காமல் மூடிவிடுகிறார். மாலையில் இன்ஸ்டாகிராமைத் திறந்தால் அதே புடவை, அதே விலை, "இப்போதே வாங்குங்கள்" என்ற பொத்தானோடு எதிரே நிற்கிறது. பாரிஸில் 2005இல் தொடங்கிய க்ரிட்டியோ நிறுவனம் இந்த வித்தையை வைத்தே பெரிதாக வளர்ந்தது. ஃபேஸ்புக் 2015இல் இதைத் தன் பக்கம் கொண்டுவந்தது. இன்று மெட்டா அதை அட்வான்டேஜ் ப்ளஸ் கேட்டலாக் விளம்பரம் என்கிறது. பெயரில் இருக்கும் இந்த 'ப்ளஸ்'தான் பலரை ஏமாற்றுகிறது. ஏதோ கூடுதலாக ஒன்று உள்ளே உட்கார்ந்து யோசிப்பதாக அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

உள்ளே நடப்பது என்ன? கடையின் பக்கத்தில் இருக்கும் பிக்சல் என்ற சிறு நிரல், "இந்த ஆள் இந்த ஐடி உள்ள பொருளைப் பார்த்தார்" என்று மெட்டாவுக்கு ஒரு சீட்டு அனுப்புகிறது. மெட்டா அந்த ஐடியைக் கடை கொடுத்த பட்டியலில் தேடுகிறது. இந்தப் பட்டியல்தான் ஃபீட். ஒரு பொருளுக்கு ஒரு வரி. ஐடி, தலைப்பு, விளக்கம், ஸ்டாக் உண்டா இல்லையா, விலை, பக்கத்தின் முகவரி, படத்தின் முகவரி, பிராண்டு என்று வரிசையாகக் கட்டங்கள். ஐடி கிடைத்ததும் அந்த வரியிலிருந்து படத்தையும் தலைப்பையும் விலையையும் எடுத்து அச்சில் ஊற்றி விளம்பரமாக்குகிறது. வழியில் எந்த மனிதரும் எதையும் எழுதுவதில்லை, சரிபார்ப்பதும் இல்லை.

யாருக்கு, எந்த நேரத்தில், எந்த வரியைக் காட்டுவது என்பதை அல்காரிதம் முடிவு செய்கிறது. அதில் அது கெட்டிக்காரப் பிள்ளை, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வரி சொல்வது உண்மையா என்று அதற்குத் தெரியாது. வரி பொய்யாக இருந்தால், சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் அந்தப் பொய்யைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வரும்.

முதல் கோளாறு இரண்டு ஐடிகளும் பொருந்தாமல் போவது. கடையின் பக்கம் அனுப்பும் சீட்டு இப்படி இருக்கிறது:

```
fbq('track', 'ViewContent', {
  content_type: 'product',
  content_ids: ['7841']
});
```

அதே புடவைக்கு ஃபீடில் இருக்கும் வரி இது:

```
id,title,availability,price
44190,Silk Saree 0457,in stock,12500.00 INR
```

7841 என்ற எண் பட்டியலில் இல்லவே இல்லை. இது எப்படி நேர்கிறது என்றால், ஷாப்பிஃபை போன்ற தளங்களில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண், அதன் கீழ் ஒவ்வொரு வகைக்கும் தனியாக இன்னொரு எண். சைஸே இல்லாத ஒற்றைப் புடவைக்கும் உள்ளுக்குள் ஒரு வகை எண் உண்டு. ஃபீடைத் தயாரிக்கும் ஆப் வகை எண்ணை எழுதுகிறது. யாரோ எப்போதோ தீமில் ஒட்டிவைத்த பிக்சல் பொருள் எண்ணை அனுப்புகிறது. இரண்டும் தத்தம் அளவில் சரி. சேர்த்து வைத்தால் பார்த்த புடவையைத் திரும்பக் காட்டுவது நடக்கவே நடக்காது. இருந்தும் விளம்பரம் நிற்பதில்லை என்பதுதான் கொடுமை. புதியவர்களைத் தேடிப் போகும்படி அமைத்திருந்தால், கேட்டலாகிலிருந்து ஏதோ சில புடவைகளை யாருக்கோ காட்டிப் பணத்தைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். முதலாளி, பார்த்தவர்களைப் பின்தொடர்கிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பார்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். காமர்ஸ் மேனேஜரில் கேட்டலாகைத் திறந்தால் `Events` என்ற இடத்தில், பிக்சல் அனுப்பிய ஐடிகளில் எத்தனை சதவீதம் பட்டியலோடு பொருந்தின என்று தெரியும். அது நூறுக்கு அருகில் இல்லையென்றால் வேறு எந்த ஆலோசனைக் கூட்டமும் தேவையில்லை, முதலில் இதைச் சரிசெய்யுங்கள். மேலே சொன்ன நிலையில், ஃபீடின் `item_group_id` கட்டத்தில் பொருள் எண்ணை எழுதிவிட்டு, பிக்சலில் `product` என்பதை `product_group` என்று மாற்றினால் முடிந்தது. அரை மணி நேர வேலை. மாதக்கணக்கில் ஆடியன்ஸை மாற்றிப் பார்த்த கடைகளில் கோளாறு இந்த ஒரு சொல்லில் இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

பொருந்தாத ஐடிக்கு இன்னொரு முகமும் உண்டு. "வாங்கின புடவையையே வாரக்கணக்கில் காட்டிக்கிட்டே இருக்கான், சனியன்" என்று வாடிக்கையாளர் திட்டுகிறாரே, அந்தப் பழியும் அல்காரிதத்தின் மேல்தான் விழுகிறது. பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களுக்கு மட்டும் காட்டு என்றுதான் விளம்பரம் அமைக்கப்பட்டிருக்கும். வாங்கிவிட்டார் என்பது மெட்டாவுக்கு எப்படித் தெரியும்? `Purchase` என்ற இன்னொரு சீட்டு போக வேண்டும், அதிலும் அதே ஐடி இருக்க வேண்டும். பல கடைகளில் பணம் கட்டி முடிந்ததும் வரும் நன்றிப் பக்கம் வேறு ஒருவர் எழுதியதாக இருக்கும். அதில் புடவையின் ஐடிக்குப் பதில் ஆர்டர் எண் போகும், அல்லது ஒன்றுமே போகாது. காட்டத் தொடங்குவதற்கு மட்டுமல்லாமல் காட்டுவதை நிறுத்துவதற்கும் ஐடிதான் வேண்டும் என்பதை யாரும் இவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை.

(எக்செலைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சில கடைகளில் பார்கோடு எண்ணையே ஐடியாக வைத்திருப்பார்கள். இந்தியப் பார்கோடு 890 என்று தொடங்கும் 13 இலக்கம். அந்த சிஎஸ்வி கோப்பை, ஒரு விலையைத் திருத்தலாமே என்று யாராவது எக்செலில் திறந்து சேமித்தால் எண்ணெல்லாம் `8.90123E+12` என்று சுருங்கிவிடும். கணிசமான பொருள்களுக்கு ஒரே ஐடி. திருத்தியவர் விலையைத் திருத்திய திருப்தியோடு வீட்டுக்குப் போயிருப்பார்.)

சரி, ஐடி பொருந்திவிட்டது. இப்போது கைத்தறிப் புடவைக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். ஷாம்பு விற்பவரிடம் ஒரே ஐடியில் ஆயிரம் பாட்டில் இருக்கும். கைத்தறிப் பட்டில் அந்த நிறம், அந்தக் கரை, அந்த முந்தானை என்று பெரும்பாலும் ஒரே ஒரு புடவைதான். ஸ்டாக் ஒன்று. அது விற்ற கணத்தில் அந்த வரி பொய்யாகிவிடுகிறது.

கணக்குக்காக ஒரு கடையை வைத்துக்கொள்வோம். தளத்தில் 600 புடவைகள். நாளுக்கு 20 விற்கின்றன. பார்த்தவர்களுக்குத் திரும்பக் காட்டும் விளம்பரத்துக்கு நாளுக்கு 5,000 ரூபாய். மெட்டா அதிகாலை 3 மணிக்கு ஒரு முறை ஃபீடை எடுத்துக்கொள்கிறது. ஏஜென்சிக்காரர் சொல்வார், "600ல 20தான சார், மூணு பெர்சென்ட் தப்பு. விட்டுத்தள்ளுங்க."

இங்கேதான் அவர் வழுக்கி விழுகிறார். அன்று விற்ற 20 எவை? ஊரே பார்த்த 20. பத்துப் பேர் கண்வைத்த புடவையைத்தான் ஒருவர் வாங்கிப் போயிருப்பார், மற்ற ஒன்பது பேர் பார்த்தவர்கள் பட்டியலில் காத்திருப்பார்கள். திரும்பக் காட்டும் விளம்பரம் ஓடுவதே அந்த ஒன்பது பேருக்காகத்தான். ஆக, பட்டியலில் மூன்று சதவீதமாக இருக்கும் வரிகள் செலவில் பல மடங்கு இடம் பிடிக்கும். நம் கணக்கில் அது நான்கில் ஒரு பங்கு என்று வைப்போம், அதாவது 1,250 ரூபாய். காலை பத்திலிருந்து இரவு பத்துக்குள் விற்பனை பரவலாக நடந்தால் சராசரி விற்பனை நேரம் மாலை நான்கு. அடுத்த ஃபீட் வர இன்னும் 11 மணி நேரம். 1,250இல் 24க்கு 11 பங்கு, ஏறக்குறைய 570 ரூபாய். இல்லாத புடவையை ஒவ்வொரு நாளும் இவ்வளவு கொடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறோம். மாதத்துக்குப் பதினேழாயிரம். விளம்பரம் நாள் முழுக்க ஒரே சீராக ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கு இது. நம் மக்கள் போனைப் புரட்டுவது இரவு எட்டு மணிக்கு மேல். அந்த நேரம் முழுக்க இந்தப் பதினோரு மணி நேரத்துக்குள் விழுகிறது, எனவே உண்மைத் தொகை இதைவிடக் கூடத்தான் இருக்கும்.

இதே கடை மணிக்கொரு முறை ஃபீட் கொடுத்தால்? சராசரிக் காத்திருப்பு அரை மணி. 570 ரூபாய் சுமார் 26 ஆகிறது. இதற்காக 600 புடவையின் முழு விவரத்தையும் மணிக்கொருதரம் அனுப்ப வேண்டியதில்லை. முழுக் கோப்பு இரவில் ஒரு முறை போகட்டும். `id`, `availability`, `price` என்ற மூன்றே கட்டங்கள் கொண்ட ஒரு சின்னக் கோப்பு மணிக்கொருதரம் போகட்டும். இருப்பதை அழித்துவிட்டு மாற்றுவதற்கு ஒரு வழி, குறிப்பிட்ட கட்டங்களை மட்டும் புதுப்பிப்பதற்கு ஒரு வழி என்று மெட்டாவில் இரண்டுமே உண்டு. இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றித் தேர்ந்தெடுத்தால் படமும் தலைப்பும் இல்லாத மூன்று கட்டக் கோப்பையே முழுக் கோப்பாக எடுத்துக்கொள்ளப் பார்க்கும். அதையும் செய்து பார்த்தவர்கள் உண்டு.

"அல்காரிதம் கற்றுக்கொள்ளுமே, விற்காத புடவையைத் தானாகவே குறைத்துவிடுமே" என்று ஒரு எதிர்வாதம் வரும். கற்றுக்கொள்ளும்தான். உங்கள் பணத்தைச் செலவழித்த பிறகு. அதுவும் எதைக் கற்கும்? கிளிக் செய்தவர்கள் வாங்கவில்லை என்பது மட்டும் அதற்குத் தெரிகிறது, ஏன் வாங்கவில்லை என்பது தெரியாது. புடவை பிடிக்காமல் போனவரும், "ஸ்டாக் இல்லை" என்ற பலகையைப் பார்த்துத் திரும்பியவரும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். ஒற்றைப் புடவைக் கடையில் கற்றுக்கொண்டும் பயனில்லை. கற்று முடிப்பதற்குள் புடவை வேறு வீட்டு பீரோவுக்குப் போய்விட்டது.

இந்த வியாபாரத்துக்கே உரிய இன்னொரு பழக்கம் உண்டு. அதைச் செய்பவர்களுக்கு அது தவறு என்றே தெரியாது. ஒரு புடவை விற்றதும் அதே பக்கத்தில் படத்தையும் விலையையும் மாற்றி அடுத்த புடவையை ஏற்றிவிடுவார்கள். புதுப் பக்கம் உருவாக்கும் வேலை மிச்சம். ஐடி பழையதே. மெட்டாவின் கணக்கில் அந்த ஐடியைப் பார்த்த இருநூறு பேர் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது மயில்கழுத்துப் பட்டு. இப்போது அந்த ஐடி காட்டுவது அரக்கு நிறப் பருத்தி. "நீங்கள் பார்த்தது" என்று சொல்லி, வாழ்நாளில் பார்க்காத ஒன்றை நீட்டுகிறோம். மயில்கழுத்தை வாங்கியவரை அந்த ஐடியை வாங்கியவர் என்று விலக்கியும் வைத்திருக்கிறோம், ஆகவே அரக்குப் பருத்தி அவருக்கு வராது. ஆதார் எண்ணை இறந்தவரிடமிருந்து எடுத்துப் பிறந்த பிள்ளைக்குக் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் இது. விற்ற புடவையின் ஐடி `out of stock` என்ற குறியோடு அப்படியே கிடக்கட்டும். விற்காத நிலையில் ஐடியை மாற்றுவதும் இதே போலத்தான் கெடுக்கும்: இணையதளத்தைப் புதிதாகக் கட்டும்போது எண்களெல்லாம் மாறினால், அதுவரை சேர்ந்திருந்த "பார்த்தவர்கள்" ஒரே இரவில் அநாதையாகிவிடுவார்கள்.

இனி கண்ணுக்குத் தெரியும் பகுதி. "கிரியேட்டிவ் முக்கியம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். கேட்டலாக் விளம்பரத்தில் அந்தக் கிரியேட்டிவ் என்பது `image_link`, `title` என்ற இரண்டு கட்டங்கள்தான். அதைத்தான் பேச மறுக்கிறார்கள். புடவையைப் பொம்மைக்கு உடுத்தித் தலை முதல் பாதம் வரை நீளவாக்கில் எடுத்த படம், தளத்தில் அழகாக இருக்கும். சுழலும் விளம்பரத்தில் கட்டம் சதுரம். நீளப் படத்தை நடுவில் வெட்டினால் மிஞ்சுவது இடுப்பு மடிப்பு. கரையின் அகலமும் முந்தானையின் வேலைப்பாடும் வெட்டுப்பட்டுப் போய்விட்டன. பட்டுப் புடவைக்கு விலை சொல்வதே அந்த இரண்டும்தான். மடித்து வைத்து, கரையும் முந்தானையும் சேர்ந்து தெரியும்படி சதுரமாக எடுத்த ஒரு படம் ஃபீடில் போனால் போதும். தளத்தில் நீளப் படமே இருந்துவிட்டுப் போகட்டும், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

தலைப்பில் பெரும்பாலும் கடைக்காரர் தனக்காக எழுதியதே போகிறது. `Silk Saree 0457` என்றால் கிடங்கில் இருப்பவருக்குப் புரியும். சிலர் எதிர்த்திசையில் போய் "அசல் ஜரிகை கொண்ட தூய காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டு" என்று எல்லாப் புடவைக்கும் ஒரே தொடக்கம் வைப்பார்கள். போன் திரையில் தலைப்பின் முதல் சில சொற்களே தெரியும், ஆகவே பத்துப் புடவையும் ஒரே பெயரில் வரிசை கட்டி நிற்கும். நிறத்தை முன்னால் வையுங்கள். மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், ராமர் பச்சை, எம்.எஸ். புளூ என்று வாங்குபவர் நாவில் இருக்கும் பெயர்கள் அவை. பார்த்த புடவை இதுதான் என்று அவர் அடையாளம் காண்பதற்கு அந்த ஒரு சொல் போதும்.

படத்தின் மேலேயே "ஆடித் தள்ளுபடி 30%" என்று சிவப்பில் அச்சடித்து ஏற்றுபவர்களைப் பற்றி என்ன சொல்ல? ஆடி போய் ஆவணி போய் ஐப்பசியும் வந்துவிடும். படம் அப்படியே இருக்கும். படத்தில் தள்ளுபடி, கீழே முழு விலை. கூகுள் ஷாப்பிங்கில் முதன்மைப் படத்தின் மேல் இப்படி எழுதவே அனுமதியில்லை. ஃபீடில் சொன்ன விலையும் பக்கத்தில் இருக்கும் விலையும் வேறுபட்டால் கூகுள் அந்தப் பொருளையே நிராகரிக்கும். அது எரிச்சலாக இருக்கும், ஆனால் ஒரு வகையில் அந்தக் கண்டிப்பு கடைக்காரருக்கு நல்லது. தள்ளுபடிக்கு என்றே `sale_price` என்று ஒரு கட்டமும், அது எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை என்று சொல்ல `sale_price_effective_date` என்று ஒரு கட்டமும் இருக்கின்றன. ஆடி முடிந்ததும் அது தானாக அடங்கும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு எதிர்த்தரப்பு தன் பெரிய ஆயுதத்தை எடுக்கும்: "எங்க கேட்டலாக் கேம்பெய்ன் ரோவாஸ் 12 சார். ஃபீடு மோசம்னா இது எப்படி வரும்?" ஒரு ரூபாய்ச் செலவுக்குப் பன்னிரண்டு ரூபாய் விற்பனை. வாயடைத்துப் போக வேண்டியதுதான், அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரியாதவரை.

மெட்டாவின் வழக்கமான கணக்கில், விளம்பரத்தைக் கிளிக் செய்து 7 நாளுக்குள் வாங்கினாலும், கிளிக்கே செய்யாமல் பார்த்துவிட்டு ஒரு நாளுக்குள் வாங்கினாலும் அது விளம்பரத்தின் வெற்றி. வாங்கியது விளம்பரத்தில் இருந்த புடவையாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. காலையில் புடவை பார்த்தவர், வீட்டில் கேட்டுவிட்டு மாலையில் வாங்கலாம் என்று இருந்தவர். இடையில் நம் விளம்பரம் அவர் விரலுக்கடியில் ஓடியது. மாலையில் வந்து வாங்கினார். கணக்கில் நமக்கு மார்க். இன்னொருவர் விற்றுப்போன மயில்கழுத்தின் விளம்பரத்தைத் தொட்டு, ஏமாந்து, தேடித் துழாவி வேறொன்றை எடுத்தார். அதற்கும் மார்க். வாங்கும் தறுவாயில் நின்றவர்களையே சுற்றிவரும் விளம்பரத்துக்கு நல்ல ரோவாஸ் வருவது கோயில் வாசலில் பூ விற்பது போல. அதை வைத்துப் பூவின் தரத்தை எடைபோட முடியாது.

"வேற புடவைதான் வாங்கினாலும் என்ன, வியாபாரம் ஆச்சே?" இது நியாயமான கேள்வி. பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைச் சொல்பவர் தன் கட்சியைத் தானே விட்டுக்கொடுக்கிறார். எந்தப் புடவையைக் காட்டினாலும் ஒன்றுதான் என்றால், பார்த்த புடவையைத் தேடிக் காட்டும் இந்த ஏற்பாடு எதற்கு? கடையின் பெயரும் நாலு நல்ல படமும் போட்ட சாதாரண விளம்பரமே போதுமே. சாதாரண விளம்பரம் அப்படியொன்றும் சோடை போவதில்லை என்பதற்கும் ஆதாரம் உண்டு. அன்யா லாம்ப்ரெக்ட், கேத்தரின் டக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் ஒரு பயண நிறுவனத்தின் விளம்பரங்களை வைத்து நடத்திய கள ஆய்வை வெளியிட்டார்கள். பார்த்த அதே பொருளைக் காட்டும் விளம்பரம், சராசரியாகப் பார்த்தால், நிறுவனத்தின் பொதுவான விளம்பரத்தை விடக் குறைவாகவே பலன் தந்தது. தனக்கு என்ன வேண்டும் என்று ஓரளவு தீர்மானித்துவிட்டவர்களிடம், உதாரணமாக விமர்சனத் தளங்களில் ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டத்துக்கு வந்தவர்களிடம், நிலைமை மாறியது.

இதிலிருந்து எனக்குப் புரிவது இது. குறிப்பிட்ட ஒரு பொருளைக் காட்டுவதன் பலம், மனத்தில் அந்தப் பொருள் உறுதியாகிவிட்டவரிடம்தான் இருக்கிறது. கல்யாணத்துக்கு மயில்கழுத்தில்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்து, அந்தப் பக்கத்துக்கு மூன்று முறை வந்து, கரையைப் பெரிதாக்கிப் பார்த்தவர் அவர். அவரிடம்தான் விற்றுப்போன புடவையையும், மாறிப்போன விலையையும், வெட்டுப்பட்ட படத்தையும் காட்டுகிறோம். சும்மா உலாவ வந்தவருக்குத் தப்பான புடவையைக் காட்டினால் அவர் கவனிக்கக்கூட மாட்டார். ஃபீடின் ஒவ்வொரு பிழையும் யாரிடம் இந்த விளம்பரம் பலிக்குமோ அவரிடமே போய் விழுகிறது. ஆகவே சராசரி ரோவாஸில் அது தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை.

பழியைப் போட இன்னொரு இடமும் வைத்திருக்கிறார்கள். "2021ல ஆப்பிள் அந்த அனுமதிப் பெட்டியைக் கொண்டுவந்ததுல இருந்து எல்லாம் போச்சு." ஐஃபோனில் ஆப்கள் பின்தொடர அனுமதி கேட்க வேண்டும் என்ற விதி அந்த ஆண்டு ஏப்ரலில் வந்தது உண்மை. மெட்டாவுக்குக் கிடைக்கும் தகவல் குறைந்ததும் உண்மை. நம் நாட்டில் மிகப் பெரும்பாலான போன்கள் ஆண்ட்ராய்டு. அமெரிக்கக் கடைக்காரரின் புலம்பலை அப்படியே இரவல் வாங்கி இங்கே புலம்புவதில் என்ன நியாயம்? தகவல் குறைந்தது என்றே வைத்துக்கொண்டாலும், கிடைக்கும் சீட்டு ஒவ்வொன்றும் சரியான வரியில் போய் விழ வேண்டிய அவசியம் கூடத்தானே செய்யும்?

"ஃபீடே வேண்டாம், பக்கத்திலிருந்து பிக்சலே விவரத்தை எடுத்துக்கொள்ளும்" என்பவர்களும் உண்டு. அப்படி ஒரு வசதி இருக்கிறது. யாராவது ஒருவர் அந்தப் பக்கத்துக்கு வந்தால்தான் அதில் விவரம் புதுப்பிக்கப்படும். விற்ற புடவையின் பக்கத்தைக் கடைக்காரர் தூக்கிவிட்டால், விற்றுவிட்டது என்ற சேதியைச் சொல்ல அந்தப் பக்கத்தில் பிக்சலே இருக்காது. ஒற்றைப் புடவைக் கடைக்கு இதைவிடப் பொருந்தாத வழி கிடையாது.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஆட்ஸ் மேனேஜரில் நேற்றைய செலவை `Product ID` வாரியாகப் பிரித்து எடுங்கள். நேற்று விற்ற புடவைகளின் பட்டியலை, விற்ற நேரத்தோடு, பக்கத்தில் வையுங்கள். மேலே இருக்கும் இருபது ஐடிகளில் எத்தனை அந்த விற்ற பட்டியலிலும் இருக்கின்றன என்று எண்ணுங்கள். பிறகு ஒவ்வொன்றின் பக்கத்தையும் போனில் திறந்து, விலையும் படமும் நிறமும் ஃபீடில் சொன்னபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். எந்த மென்பொருளும் வேண்டாம், ஒரு பேனாவும் அரை நாளும் போதும். ஆளே வராத தளத்துக்கு இதனால் பெரிய பயன் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாளுக்கு ஐம்பது பேர் வரும் கடையில் திரும்பக் காட்டுவதற்கே ஆள் இல்லை, ஃபீட் எவ்வளவு சுத்தமாக இருந்து என்ன?

எண்ணிப் பார்த்தவர்கள் பலர் திகைத்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. ஃபீட் மணிக்கொருதரம் போகிறது, ஐடி நூறு சதவீதம் பொருந்துகிறது, ஆனாலும் விற்ற புடவைகள் விளம்பரத்தில் ஓடுகின்றன. பெரும்பாலும் அந்தக் கடைக்கு ஒரு ஷோரூமும் இருக்கும். முகூர்த்த நாள் நெருங்கும் வாரம். ஒரு குடும்பம் நேரில் வந்து, கீழே விரித்த இருபது புடவைகளில் அந்த மயில்கழுத்தை எடுத்துப் பில் போட்டுக்கொண்டு காலை பதினொரு மணிக்குப் போய்விட்டது. கவுன்டரின் பில்லிங் வேறு மென்பொருள். இணையதளத்தின் ஸ்டாக் வேறு. இரவு கடை மூடிய பிறகு ஒருவர் நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தளத்தில் கழிக்கிறார், அசதியாக இருந்தால் மறுநாள் காலையில். அதுவரை தளமே புடவை இருப்பதாகச் சொல்கிறது. ஃபீட் அந்தப் பொய்யை மணிக்கொருதரம் சுத்தமாக நகலெடுத்து அனுப்புகிறது.

இதற்கு ஆட்ஸ் மேனேஜருக்குள் எந்தப் பொத்தானும் கிடையாது. புடவையின் சீட்டில் ஒரு பார்கோடு, பில் போடும்போதே அதைத் தளத்தின் ஸ்டாக்கிலும் கழிக்கும் ஒரு இணைப்பு, அது முடியாதென்றால் பில் போட்ட கையோடு தளத்தில் அந்த ஒரு ஐடியை மட்டும் மூடிவிடும் பொறுப்பு கவுன்டரில் நிற்கும் ஒருவருக்கு. விளம்பர பட்ஜெட்டைக் கூட்டுவதா குறைப்பதா என்று பேச முதலாளி அடுத்த முறை ஏஜென்சிக்காரரைக் கூப்பிடும்போது, அந்தக் கவுன்டர்க்காரருக்கும் ஒரு நாற்காலி போடட்டும்.